X², e^X கணக்குகளில் அடர்த்திச் சார்பு தப்பாக வருகிறதா? தொகை எவ்வளவு இடிக்கிறது என்று பாருங்கள்

பாடப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறோம். X-இன் அடர்த்திச் சார்பு கொடுத்திருக்கிறார்கள், Y = X² அல்லது Y = e^X என்று ஒரு வரி, Y-இன் அடர்த்திச் சார்பைக் காண்க. சூத்திரத்தில் போட்டு விடையும் வந்துவிடுகிறது, ஆனால் பின்பக்க விடையோடு ஒட்டவில்லை. எங்கே தப்பு என்று மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகத் தேடுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள்: வந்த விடையை அதன் இடைவெளி முழுவதும் தொகையிட்டுப் பாருங்கள். 1 வர வேண்டும். வராவிட்டால், வந்த எண்ணே பெரும்பாலும் பிழை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அதைத்தான் ஒரே கணக்கை வைத்து இங்கே பார்க்கப் போகிறோம்.

கணக்கு இது:

```
f(x) = 2(x + 1)/9,   -1 < x < 2
Y = X^2
```

இதை வேண்டுமென்றே எடுத்தேன். X எதிர்மறையாகவும் போகிறது, நேர்மறையாகவும் போகிறது, ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு இல்லை. வழக்கமாக நடக்கும் தவறுகள் எல்லாமே இந்த மாதிரிக் கணக்கில்தான் வெளியே வரும்.

அறிகுறி: கொடுத்த சார்பே 1-க்குத் தொகையாகவில்லை

Y பக்கம் போகவே வேண்டாம், படத்தைத்தான் தப்பாகப் படித்திருக்கிறீர்கள். நம் கணக்கில் −1 முதல் 2 வரை தொகையிட்டால் (x+1)²/9 என்பதில் எல்லைகளைப் போட்டு 9/9 − 0 = 1. சரி. ஆனால் படத்தில் −1-க்கு முன்னால் இருக்கும் அந்தச் சின்னக் கோடு மங்கிப்போய் 1 < x < 2 என்று தெரிந்தால் தொகை 5/9தான் வரும். கூட்டல் குறி கழித்தலாகத் தெரிந்து 2(x−1)/9 என்று எழுதிக்கொண்டால் தொகை எதிர்மறையாகவே போய்விடும். இரண்டுமே அரை நிமிட வேலையில் தெரிந்துவிடும்.

ஆனால் இந்தச் சோதனை X-இன் வரியை மட்டும்தான் பாதுகாக்கும். Y-இன் வரியைத் தப்பாகப் படித்தால் எதுவும் இடிக்காது, நீங்கள் வேறொரு கணக்கைச் சரியாகப் போட்டு முடித்திருப்பீர்கள், அவ்வளவுதான். இதற்குப் பின்பக்க விடையில் எழுதியிருக்கும் இடைவெளிதான் துணை. உதாரணமாக X-க்கு e^(−x), x > 0 என்று கொடுத்து Y = e^X கேட்டால் விடை 1/y², y > 1. அதே X-க்கு Y = e^(−X) கேட்டால் விடை 1, இடைவெளி 0 < y < 1. அடுக்கில் இருக்கும் கழித்தல் குறி படத்தில் விழுந்திருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதை விட, விடையின் இடைவெளி 1-க்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்ப்பது நம்பகமானது. அதே மாதிரி X-க்கு மேலே இருக்கும் 2 கீழே சரிந்து X₂ போலவோ, முன்னால் ஒட்டி 2X போலவோ தெரிந்தாலும், விடையின் மேல் எல்லை 4 என்றால் X² என்று உடனே சொல்லிவிட முடியாது, 2X-க்கும் மேல் எல்லை 4தான் வரும். கீழ் எல்லையைப் பாருங்கள். 2X என்றால் −2-இல் தொடங்க வேண்டும், X² என்றால் 0-இல்.

சரியான விடை எப்படி வருகிறது

பிழைகளைப் பார்ப்பதற்கு முன்னால் சரியானதை ஒருமுறை போட்டுவிடுவோம். குவிவு பரவல் சார்பு வழியாகப் போகிறேன், சூத்திரத்தை மனப்பாடமாகப் போடுவதைவிட இதில் வழுக்கும் இடங்கள் குறைவு. X-இன் குவிவு பரவல் சார்பு F(x) = (x+1)²/9. Y ≤ y என்றால் X² ≤ y, அதாவது X என்பது −√y-க்கும் √y-க்கும் இடையில் இருக்கிறது.

இங்கேதான் நிறுத்தி யோசிக்க வேண்டும். y என்பது 0.25 என்றால் −0.5, 0.5 இரண்டுமே X-இன் இடைவெளிக்குள் இருக்கின்றன. y என்பது 2.25 என்றால் 1.5 உள்ளே இருக்கிறது, −1.5 வெளியே போய்விட்டது, X அங்கே போகவே போகாது. மாறும் இடம் y = 1. ஆகவே விடை இரண்டு துண்டு:

```
0 < y < 1:  F_Y(y) = [(1+√y)^2 - (1-√y)^2]/9 = 4√y/9
            f_Y(y) = 2/(9√y)

1 < y < 4:  F_Y(y) = (1+√y)^2/9
            f_Y(y) = (1+√y)/(9√y)
```

y = 1 போட்டால் இரண்டு F_Y-யும் 4/9 தருகின்றன, y = 4-இல் 1 வருகிறது. முதல் துண்டின் தொகை 4/9, இரண்டாவதின் தொகை 5/9. கூட்டினால் 1. இந்த 4/9, 5/9 இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே எல்லா இடத்திலும் வரும்.

அறிகுறி: தொகை 8/9

அதிகம் பேருக்கு வருவது இதுதான், ஆனால் இதற்குப் பின்னால் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு பிழைகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது: y = x² என்றால் x = √y என்று எழுதி, −√y-ஐ மறந்துவிட்டு, ஒரே கிளையோடு 0 முதல் 4 வரை போய்விடுவது. விடை (1+√y)/(9√y), 0 < y < 4 என்று வரும். தொகை 8/9. குறையும் 1/9 எங்கே போனது? X எதிர்மறையாக இருக்கும் நிகழ்தகவு F(0) = 1/9. அப்படியே அதுதான் காணாமல் போயிருக்கிறது. இடது பக்கத்தை எண்ணவே இல்லை, அதனால் அதன் நிகழ்தகவு கணக்கில் வரவில்லை.

இரண்டாவது: இரண்டு கிளை உண்டு என்பதைச் சரியாக நினைவில் வைத்துக்கொண்டு, ஆனால் y = 1-இல் துண்டு போடாமல், 0 முதல் 4 வரை முழுக்க இரண்டையும் கூட்டிவிடுவது. விடை 2/(9√y), 0 < y < 4. பார்க்கவே அழகாக, ஒரே வரியில் இருக்கும். தொகையிட்டால் இதற்கும் 8/9! காரணம், y > 1 ஆனதும் −√y என்பது −1-க்குக் கீழே போகிறது, அங்கே f பூச்சியம். ஆனால் 2(x+1)/9 என்ற கோவை அங்கே எதிர்மறையாக மதிப்புத் தருகிறது, அதை நாம் அப்படியே கூட்டியிருக்கிறோம். அந்த எதிர்மறைப் பகுதியின் மொத்தம் −1/9.

ஒன்றில் எண்ண வேண்டியதை எண்ணவில்லை, இன்னொன்றில் எண்ணக் கூடாததை எண்ணியிருக்கிறோம், இரண்டும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. பிரித்துப் பார்ப்பது சுலபம். 0 முதல் 1 வரை மட்டும் தொகையிடுங்கள். முதல் பிழையில் 3/9 வரும், வர வேண்டிய 4/9 இல்லை, ஆகவே சேதம் 1-க்குக் கீழே இருக்கிறது, கிளை விட்டுப்போயிருக்கிறது. இரண்டாவது பிழையில் 0 முதல் 1 வரை சரியாக 4/9 இருக்கும், ஆனால் 1 முதல் 4 வரை 5/9-க்குப் பதிலாக 4/9 இருக்கும், ஆகவே துண்டு போட மறந்திருக்கிறீர்கள். வர வேண்டியது 4/9தான் என்று விடை தெரியாமலே எப்படித் தெரியும் என்றால், Y < 1 என்பதும் −1 < X < 1 என்பதும் ஒன்றே, F(1) − F(−1) = 4/9. X-இல் கணக்கிடுவதால் Y-இல் செய்த பிழை இதைத் தொடாது.

இந்த இடத்தில் சிலர் ஒரு வேலை செய்வார்கள்: தொகை 8/9 வருகிறது, சரி, 9/8-ஆல் பெருக்கிவிட்டால் 1 வந்துவிடும். வந்துவிடும்தான், விடையும் தப்பாகவே இருக்கும், அதோடு பிழையைக் காட்டிக்கொண்டிருந்த ஒரே அடையாளமும் அழிந்துவிடும். மாறிலி k-ஐக் காண்க என்று கேட்கும் கணக்கில் அந்த வேலை சரி. இங்கே மாறிலி ஏற்கெனவே f(x)-இல் தீர்மானமாகிவிட்டது, Y-க்கு என்று புதிதாக ஒரு மாறிலி கிடையாது.

அறிகுறி: தொகை 7/9, முதல் துண்டு வெறும் மாறிலியாக வருகிறது

0 < y < 1-க்கு உங்கள் விடை 2/9 என்று y-யே இல்லாமல் வந்திருந்தால் மட்டுக்குறியை விட்டிருக்கிறீர்கள். x = −√y கிளையின் வகைக்கெழு −1/(2√y). அதை மட்டு மதிப்பு எடுக்காமல் போட்டால் இரண்டு கிளைகளும் கூடுவதற்குப் பதில் ஒன்றிலிருந்து ஒன்று கழிகின்றன: (1/(2√y)) · (2/9) · [(1+√y) − (1−√y)] = 2/9. √y எல்லாம் அடித்துப்போய் சுத்தமான எண் வருவதால் சரியாகத்தான் போட்டிருக்கிறோம் என்று தோன்றும், அதுதான் இதில் ஆபத்து. தொகை 2/9 + 5/9 = 7/9. குறைவது 2/9, அதாவது X < 0 நிகழ்தகவின் இரண்டு மடங்கு: ஒருமுறை சேர்க்காமல் விட்டதற்கு, இன்னொருமுறை கழித்ததற்கு. X சமச்சீராக இருந்திருந்தால் விடையே பூச்சியமாக வந்து உடனே மாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

குவிவு பரவல் சார்பு வழியில் போனவர்களுக்கு இதே பிழை வேறு வேடத்தில் வரும். F(√y) − F(−√y) என்பதை வகையிடும்போது நடுவில் இருக்கும் கழித்தலும், −√y-ஐ வகையிடுவதால் வரும் கழித்தலும் சேர்ந்து கூட்டல் ஆக வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் அதே 2/9.

அறிகுறி: தொகை 11/9

மாதிரிக் கணக்காகத் திட்ட இயல்நிலை மாறியின் வர்க்கத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே f(√y)-யும் f(−√y)-யும் சமம் என்பதால் "இரண்டால் பெருக்கு" என்று ஒரே வரியில் முடித்து e^(−y/2)/√(2πy) என்று எழுதிவிடுவார்கள். அந்த இரண்டால் பெருக்கல் சமச்சீர் இருப்பதால் கிடைத்தது, வர்க்கம் இருப்பதால் கிடைத்தது இல்லை. நம் கணக்கில் 0 < y < 1-க்கு f(√y)-ஐ இரட்டித்தால் 4/9-க்குப் பதில் 6/9 வரும், இரண்டாவது துண்டின் 5/9-ஐயும் சேர்த்தால் 11/9. தொகை 1-ஐ லேசாகத் தாண்டினால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன்.

2-ஐயே தாண்டிவிட்டால் வேறு கதை. 1/(2√y) என்ற பெருக்கலை முழுசாக மறந்து f(√y) + f(−√y) என்று மட்டும் எழுதினால் நம் கணக்கில் 58/27, ஏறத்தாழ 2.15 வருகிறது.

அறிகுறி: இடைவெளி 1 < y < 4 என்று வருகிறது, தொகை 5/9

முனைகளை மட்டும் வர்க்கம் செய்திருக்கிறீர்கள்: (−1)² = 1, 2² = 4. வர்க்கச் சார்பு நடுவில் 0 வரை இறங்கி ஏறுகிறது, அதை முனைகள் சொல்லாது. X-இன் இடைவெளிக்குள் 0 இருந்தால் Y-இன் கீழ் எல்லை 0தான்.

அறிகுறி: y பூச்சியத்தை நெருங்கும்போது விடை முடிவிலிக்குப் போகிறது

இது பிழையே இல்லை. 2/(9√y) என்பது 0 அருகே எவ்வளவு வேண்டுமானாலும் உயரும், ஆனால் அதன் தொகை 4/9 என்று அடக்கமாகவே இருக்கிறது. அடர்த்தி 1-ஐத் தாண்டுவதும் தப்பில்லை, நிகழ்தகவுதான் தாண்டக் கூடாது. X² கணக்கில் f(0) பூச்சியமாக இல்லாவிட்டால் 0 அருகே இப்படி உயராமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்: 0-க்குப் பக்கத்தில் X கொஞ்சம் நகர்ந்தாலும் X² நகர்வதே இல்லை, அதனால் நிகழ்தகவு அங்கே குவிகிறது.

அப்புறம் e^X

இங்கே கிளைப் பிரச்சினை இல்லை, e^x ஏறிக்கொண்டே போகிறது, ஒரு y-க்கு ஒரே x = ln y. அதனால் பிழையும் குறைவு, வந்தால் இரண்டு இடத்தில் வரும். அதே X-ஐ வைத்துக்கொண்டால்:

```
f_Y(y) = 2(1 + ln y)/(9y),   1/e < y < e^2
```

தொகையிட்டால் (1 + ln y)²/9, எல்லைகளைப் போட்டால் 1. இதில் கீழே இருக்கும் y-ஐத்தான் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். x-க்குப் பதில் ln y போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவது. விட்டால் தொகை 3.37 அளவுக்கு வந்து நிற்கும். எதைப் பெருக்குவது எதை வகுப்பது என்று குழம்பினால், e^x பெரிய x-களை மிகவும் இழுத்துப் பரப்புகிறது, பரப்பினால் அடர்த்தி குறைய வேண்டும், ஆகவே y-ஆல் வகுக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

மற்றது Y = e^(−X) கேட்கும்போது. வகைக்கெழு −1/y, எல்லைகளும் தலைகீழாகின்றன: x = −1 என்பது y = e-க்கும், x = 2 என்பது y = e⁻²-க்கும் போகிறது. சரியான விடை 2(1 − ln y)/(9y), e⁻² < y < e. மட்டுக்குறியை மறந்தால் விடை முழுக்க எதிர்மறை, தொகை −1. ஆனால் ஒருவர் மட்டுக்குறியையும் மறந்து, எல்லைகளையும் திருப்பாமல் e-இலிருந்து e⁻² வரை என்று கீழ் எல்லையைப் பெரிதாகப் போட்டுத் தொகையிட்டால், இரண்டு பிழைகளும் அடித்துக்கொண்டு தொகை ஜம்மென்று 1 வரும். தொகைச் சோதனை கைவிடும் இடம் இது. அதனால் தொகை பார்ப்பதோடு, இடைவெளிக்குள் ஏதாவது ஒரு y போட்டு மதிப்பு நேர்மறையா என்றும் பாருங்கள்; y = 1 போட்டால் 2/9 வர வேண்டும்.

இயல்நிலை X-க்கு e^X கேட்டிருந்தால் இன்னொரு சந்தேகம் வரும்: X-இன் உச்சி μ-இல் இருக்கிறது, Y-இன் உச்சி e^μ-இல் இருக்க வேண்டாமா? வேண்டாம். அந்த 1/y உச்சியை இடப்பக்கம் தள்ளுகிறது, உச்சி e^(μ−σ²)-இல் விழும். e^μ-இல் இருப்பது இடைநிலை அளவு, சராசரி e^(μ+σ²/2). உங்கள் வரைபடத்தின் உச்சி e^μ-இலேயே நின்றால்தான் y-ஆல் வகுக்க மறந்திருக்கிறீர்கள்.

எல்லாம் பார்த்தும் புரியவில்லை என்றால்

கணினி கையில் இருந்தால் X-ஐ உருவாக்கி வர்க்கம் செய்து எண்ணிப் பார்த்துவிடலாம். u = (x+1)²/9 என்பதைத் திருப்பினால் x = 3√u − 1. பைத்தானில்:

```python
import numpy as np
u = np.random.rand(1_000_000)
x = 3*np.sqrt(u) - 1
y = x**2
print((y < 0.25).mean(), (y < 1).mean())
```

0.222, 0.444 என்பவற்றுக்குப் பக்கத்தில் வரும், கடைசி இலக்கங்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆடும். இப்போது உங்கள் விடையை 0 முதல் 0.25 வரையும் 0 முதல் 1 வரையும் தொகையிட்டு ஒப்பிடுங்கள். ஒரே கிளையோடு போனவருக்கு 0.139, 0.333 வரும். மட்டுக்குறியை விட்டவருக்கு 0.056, 0.222. துண்டு போட மறந்தவருக்கு இரண்டு எண்களுமே சரியாக வரும், அவர் 1-க்கு மேலே ஒரு புள்ளியைத்தான் சோதிக்க வேண்டும்: y < 2.25 என்று போட்டால் கணினி 0.694 காட்டும், அவர் விடை 0.667 காட்டும்.